சர்க்கரைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம்

நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், இரண்டு மெதுவடை, சாம்பார் சாதம், போதாக்குறைக்கு ஒரு டம்ளர் பாயசம். இவ்வளவும் உள்ளே போன பிறகு சுகர் ஏறினால் அது செய்தியே அல்ல. ஏறாவிட்டால்தான் குளுக்கோமீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. சாப்பிடும்போது யாருக்கும் வராத பயம், மீட்டரில் 296 என்று பார்த்ததும் வந்துவிடுகிறது. ஒருவர் பாகற்காய்ச் சாறு பிழிய ஓடுகிறார், இன்னொருவர் ராத்திரி மாத்திரையை மதியமே நீட்டுகிறார். சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒற்றை எண் தீர்ப்பு அல்ல, சாட்சி மட்டுமே என்பது என் கட்சி. அந்தச் சாட்சியை எப்போது, எந்த நிலையில் விசாரித்தோம் என்று தெரியாமல் யாரையும் தூக்கில் போடக் கூடாது.

முதலில் விரலை விசாரிப்போம். பொங்கலைக் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் வெல்லமும் ரத்தச் சொட்டோடு சேர்ந்து ஸ்ட்ரிப்பில் ஏறும். சானிடைசர் தேய்ப்பது போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். ஒரு மணிக்கு முதல் கவளத்தை வாயில் வைத்தவருக்கு இரண்டு மணிக்கு 296 வந்ததாக வைத்துக்கொள்வோம். கழுவிய கையில் மறுபடி பார்த்தால் 251. குறைந்த 45-இல் பெரும்பங்கு வெல்லத்தின் கணக்காக இருக்கலாம், உடம்பின் கணக்கல்ல. மிச்சமிருக்கும் 251-உம் கல்வெட்டு அல்ல. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் பதினைந்து சதவீதம் வரை கூடக் குறையக் காட்டினாலும் மீட்டர் தரச்சோதனையில் தேறிவிடும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குத்தி 246, 259, 241 என்று எழுதி வைப்பவர் சுகரின் போக்கைப் பார்க்கவில்லை. மீட்டரின் தள்ளாட்டத்தைத்தான் பதிவு செய்கிறார். விரலும் பாழ், ஸ்ட்ரிப்பும் பாழ்.

அடுத்தது நேரம். கடிகாரத்தை முதல் கவளத்திலிருந்து ஓட்ட வேண்டும், ஏப்பத்திலிருந்து அல்ல. சாதாரணச் சாப்பாட்டில் சுகர் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போகும். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு அப்போது 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. விருந்துச் சாப்பாட்டில் நெய்யும் எண்ணெயும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், உச்சி பிந்தி வரலாம், இறங்கவும் நேரமாகலாம். அதனால் நம் ஆளுக்கு மூன்று மணிக்கு ஒருமுறை, ஐந்து மணிக்கு ஒருமுறை, எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, மறுநாள் வெறும் வயிற்றில் ஒருமுறை போதும். 238, 192, 148, 124 என்று வந்தால் கதை தெளிவு: ஏறியது, இறங்கியது. இடையில் குத்துவதற்குப் பதில் கால்மணி நேரம் தெருவில் நடந்தால், நடக்கும் தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

“ஏறிக் கிடக்கும்போது சும்மா இருப்பதா, ஒரு மாத்திரை கூடப் போட்டால் என்ன?” என்பார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, உச்சி தணிந்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். மதியத்து 251-ஐ அடிக்கப் போட்டது நள்ளிரவில் 55-ஆக வந்து நிற்கலாம். இன்சுலினும் அப்படியே: முதலில் போட்டது சில மணி நேரம் உடம்பில் இருக்கும்போதே இன்னொன்றை ஏற்றினால், இரண்டும் சேர்ந்து கீழே இழுக்கும். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் பண்டிகை போனஸ் கிடையாது. பிராயச்சித்தமாக ராத்திரிப் பட்டினி கிடப்பதும் இந்த மருந்துகள் எடுப்பவருக்கு அதே ஆபத்துதான்.

“அப்படியானால் எவ்வளவு ஏறினாலும் பயப்பட வேண்டாமா?” வேண்டும், உரிய இடத்தில். இடைவெளி விட்டுப் பார்த்தும் 300-க்குக் கீழே இறங்க மறுத்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, குழப்பம், தீராத தாகம் என்று எது வந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 250-க்கு மேல் நின்றாலே கீட்டோன் பார்ப்பது நல்லது. இடைவெளி விட்டு எடுத்த எண்கள்தான், இறங்கும் ஏற்றம் எது, இறங்காத ஏற்றம் எது என்று காட்டும். பக்கத்தில் என்ன சாப்பிட்டோம் என்பதையும் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் நீட்டினால், அவர் திட்டுவார்தான். ஆனால் பொத்தாம் பொதுவாக அல்ல, பாயசத்தின் பேரைச் சொல்லியே திட்டுவார்.