"நல்லா இருக்கு சார்!"

கேள்வி: வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களிடம் பேட்டி எடுத்து வீடியோ போட்டால், எல்லோரும் "நல்லா இருக்கு சார்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: "கிரைண்டர் நல்லா இருக்கா?" என்று முதலாளியே எதிரில் நின்று கேட்டால், பாவம், வேறென்ன சொல்வார்கள்? ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியே வேண்டாம். "பழைய கிரைண்டரில் என்ன தொல்லை?", "வாங்கத் தயங்கினீர்களா, ஏன்?", "இப்போது மாவு அரைக்கும் நாளில் என்ன மாறியிருக்கிறது?" இந்த மூன்று போதும். பதிலை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். பள்ளி ஆண்டுவிழா ஆகிவிடும். உங்கள் குரலைப் பிறகு வெட்டிவிடுவீர்கள் என்பதால், "பழைய கிரைண்டரில்..." என்று கேள்வியையும் சேர்த்தே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

படம் பிடிக்கப் போனின் பின்பக்கக் கேமரா, ஸ்டாண்டு, முகத்தில் விழும் ஜன்னல் வெளிச்சம் போதும். ஜன்னல் வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஓடும் கிரைண்டரையும்தான்! காலரில் மைக் குத்தி, பத்து வினாடி எடுத்து, ஹெட்போனில் கேட்ட பிறகே பேட்டியைத் தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சம்மதக் கையெழுத்து. பெயரும் முகமும் எங்கெங்கே வரும் (கடைத் திரை, வாட்ஸ்அப், யூடியூப், காசு கொடுத்துப் போடும் விளம்பரம்), எவ்வளவு காலம், வேண்டாமென்றால் யாரிடம் சொல்லி நீக்குவது என்பதெல்லாம் தமிழில் ஒரு பக்கம். ஒரு பிரதி அவருக்கு. வீடியோவில் தலையாட்டினாரே என்பது விளம்பரத்துக்குச் சம்மதம் ஆகாது. குழந்தை எட்டிப் பார்த்தால் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். கையெழுத்திடத் தயங்குகிறவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், கேமராவைத் தொடாதீர்கள்.