முடிவு தெரிந்தவர் எழுதும் அறிக்கை

மருத்துவமனை விசாரணைக் குழுவில் உட்காருபவர்களுக்கு ஒரு பெரிய வசதி: நோயாளிக்கு என்ன ஆனது என்று முன்பே தெரியும். அந்தத் தெம்பில்தான் 'லேபிளைப் படித்திருக்க வேண்டாமா?' என்று எழுதி, 'ஊழியர்களுக்கு மறுபயிற்சி' என்று பரிந்துரைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

2001 ஜனவரியில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டிய வின்கிரிஸ்டின் மருந்து ஓர் இளைஞரின் முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டது. அவர் இறந்துபோனார். விசாரித்த பேராசிரியர் பிரையன் டாஃப்ட், 'கவனக்குறைவு' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்; நம்மவர்களாக இருந்தால் முடித்திருப்பார்கள். அவரோ அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று பார்த்தார். வின்கிரிஸ்டினும், தண்டுவடத்தில் செலுத்த வேண்டிய மருந்தும் வெவ்வேறு நாளில் தர வேண்டியவை; இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன. மேற்பார்வை மருத்துவருக்கு அது அங்கே மூன்றாவது நாள். ஊசி போட்ட இளையவர் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவும் செய்தார். ஆமாம் என்று பதில் வந்தது. சிரிஞ்சோ தண்டுவட ஊசியில் கச்சிதமாகப் பொருந்தியது.

அறிக்கை எழுதுகிறவர்கள், முதல் வரைவில் இறப்பை மறைத்துவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் எழுதிப் பாருங்கள். அந்த இடத்தில் வேறொரு மருத்துவர் இருந்தால் என்ன செய்திருப்பார் என்றும் கேளுங்கள். மறுபயிற்சி பெற்றவர் கையிலும் அந்தச் சிரிஞ்சு பொருந்தத்தான் செய்யும்.