வேலைக்கு முன்னே லீவு லெட்டர்

நேர்முகத் தேர்வு நடக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் நம் பார்ட் டைம் தம்பிக்குக் கல்லூரியும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. “எப்போ வர முடியும்?” என்று கடைக்காரர் கேட்டால், “எப்போ வேணாலும் வருவேண்ணா” என்பான். “காலேஜ் இருக்கே?” என்றால், “இருக்கு, ஆனா அதெல்லாம் பிரச்சினை இல்லண்ணா” என்பான். படிப்பு என்பது தூரத்துச் சொந்தக்காரர் யாருக்கோ வந்த வியாதி மாதிரி பேசுவான்.

இந்தத் தம்பி சென்னையில் பி.காம். இரண்டாம் ஆண்டு, முதல் ஷிப்ட். காலையில் போனால் மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்துவிடலாம். வேலை கேட்டுப் போனது கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு. மாலை நான்கிலிருந்து ஒன்பது வரை ஆள் வேண்டும். கடைக்காரர் இரண்டே சோதனை வைத்தார். முதலாவது, ஓர் ஆதார் அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வரும்படி காப்பி எடுக்க வேண்டும். முதல் தடவை இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அட்டைக்குச் சொந்தக்காரரின் முகத்தில் அவருடைய முகவரியே எழுதியிருந்தது. அடுத்த தடவை சரியாக வந்தது. இரண்டாவது, ஒழுக்கச் சோதனை.

“எவனாவது மைக்ரோ ஜெராக்ஸ் கேட்டா?”

“எடுக்க மாட்டேண்ணா. அதுவும் அம்பது பர்சென்டுக்குக் கீழ சுருக்கினா எழுத்து சரியா தெரியாதுண்ணா.”

கடைக்காரர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு, “சரி, உன் பரீட்சை தேதியெல்லாம் போட்டு, எப்போ வருவே, எப்போ வர மாட்டேன்னு வாட்ஸ்அப்ல அனுப்பு. பார்த்துட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார்.

அங்கே ஆரம்பித்தது வினை. “எப்போ வேணாலும்” என்று வாயால் சொல்லிவிட்டான். இப்போது அதை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும், வேலையும் கைவிட்டுப் போகக்கூடாது.

முதல் குழப்பம் எப்போது அனுப்புவது என்பது. அன்றிரவே அனுப்பினால் அலைகிறான் என்று நினைப்பாரோ? இரண்டு நாள் கழித்து அனுப்பினால் யாரென்றே மறந்துவிடுவாரோ? நண்பர்கள் குழுவில் கேட்டதில், மறுநாள் காலை கடை திறந்து கூட்டம் சேர்வதற்கு முன் அனுப்புவது உசிதம் என்று முடிவானது. நியாயமான யோசனைதான். ஆனால் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு இரவு 11.50க்கு “ஹாய் அண்ணா” என்று மட்டும் அனுப்பிவிட்டு, பயந்துபோய் உடனே அழித்தான். காலையில் எழுந்த கடைக்காரர் பார்த்தது, நள்ளிரவில் ஒரு தெரியாத எண் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனதை.

அடுத்தது எப்படி எழுதுவது. நம் பள்ளிக்கூடங்கள் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்து ஒரு பிள்ளைக்கு உருப்படியாக வரவழைப்பது ஒரே ஒரு கடித வகைதான், விடுப்பு விண்ணப்பம். காய்ச்சலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். தம்பியின் விரல்களும் தாமாகவே அந்த வழியில் போயின. “மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு நவம்பர் 12, 14, 18, 21, 25 ஆகிய தேதிகளில் செமஸ்டர் தேர்வுகள் நடைபெற இருப்பதால், மேற்படி நாட்களில் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.”

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் ஐந்து நாள் லீவு. அதுவும் முதலாளிக்கு மாணவனாக.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், இந்த வகைக் கடிதத்தின் கோளாறு அதன் பணிவில் இல்லை. வராத நாட்களை மட்டும் சொல்லிவிட்டு, வருகிற நாட்களைப் படிப்பவரே கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. கடைக்காரரிடம் இருப்பது ஒரு மாதக் காலண்டரும் ஐந்து மணி நேர வெற்றிடமும். அந்தக் கட்டங்களில் எதில் தம்பியின் பெயரை எழுதலாம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அவன் எங்கே இருக்க மாட்டான் என்று தெரிந்து அவர் என்ன செய்வார்?

பக்கத்து பெஞ்சு நண்பன் இதைவிடச் சுலபமான வழி சொன்னான். பல்கலைக்கழகம் வெளியிட்ட கால அட்டவணையை அப்படியே பி.டி.எஃப்.பாக அனுப்பிவிடு, அவரே பார்த்துக்கொள்ளட்டும். எல்லாத் துறையும் எல்லாப் பாடக் குறியீடும் அடங்கிய அந்தக் காகிதக் காட்டில் நம் ஆளைத் தேடுவது யார் பொறுப்பு என்பதை நண்பன் சொல்லவில்லை.

நான் கவனித்தவரை, இந்த வகைத் தம்பிகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பரீட்சை நாளைத்தான் சிக்கலான நாள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் காலைப் பரீட்சை என்றால் பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிந்துவிடுகிறது. அதன்பின் அன்று மாலை இந்த உலகத்தில் அவனைவிட வேலையற்றவன் கிடையாது. வாசலில் நின்று “அந்த பார்ட் பி கேள்விக்கு என்னடா எழுதினே?” என்று கேட்டு மனம் நொந்துகொள்வதைத் தவிர வேறு கடமை இல்லை. அந்த மாலையில் தாராளமாக வேலைக்குப் போகலாம். மதியப் பரீட்சை இரண்டு மணிக்கு. அதற்குக் காலை முழுவதும் வேண்டும், ஐந்து மணிக்கு மேல் அன்றும் சுதந்திரம்தான். கை வைக்க முடியாதது பரீட்சைக்கு முந்தின சாயங்காலம். செமஸ்டர் முழுவதும் திறக்காத புத்தகம் திறக்கப்படுவது அன்றுதான். விண்ணப்பத்தில் விட்டுப்போவதும் அந்தச் சாயங்காலம்தான். பிறகு என்ன ஆகும்? பதினொன்றாம் தேதி நாலரை மணிக்குத் “திடீர்க் காய்ச்சல்” என்று ஒரு மெசேஜ் போகும்.

மற்ற கடைகளில் இந்தக் காய்ச்சல் செல்லுபடியாகலாம். ஜெராக்ஸ் கடையில் ஆகாது. ஏனென்றால் அந்தக் கடைக்குத் தீபாவளியே பரீட்சைக்கு முந்தின சாயங்காலம்தான். ஒரே ஒருத்தி ஒழுங்காக எழுதிய நோட்டை நாற்பது பேர் காப்பி எடுப்பார்கள். ஹால் டிக்கெட்டைத் தொலைத்தவர்கள் திரும்பப் பிரிண்ட் எடுக்க வருவார்கள். பழைய வினாத்தாள் கேட்டு ஒரு வரிசை, ரெக்கார்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் கேட்டு இன்னொரு வரிசை. கடைக்காரருக்குத் தம்பி தேவைப்படுவதும், தம்பிக்குப் புத்தகம் தேவைப்படுவதும் ஒரே மூன்று மணி நேரத்தில். அவர் வேலைக்கு ஆள் தேடியதே அந்த மாதத்துக்காகத்தான். ஆக, இதை ஒளித்துப் பயனில்லை, முன்கூட்டியே பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு ரகசியமும் இருந்தது. டிசம்பர் 3, மதியம், முதல் செமஸ்டரில் விட்டுவைத்த புள்ளியியல். வீட்டில் அப்பாவுக்குத் தெரியாத அரியர். இதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? “கூடுதல் தேர்வு” என்று எழுதினான், அழித்தான். “சிறப்புத் தேர்வு” என்று எழுதிப் பார்த்தான், ஏதோ ஐ.ஏ.எஸ். எழுதப்போவது போல இருந்தது. கடைசியில் “ஒரு எக்ஸாம் இருக்கு” என்று மட்டும் விட்டான். அதுவே போதும். கடைக்காரருக்கு வேண்டியது தேதி, வரலாறு இல்லை.

தேதி மாறினால் என்ன செய்வது என்பதும் சேர வேண்டும். நவம்பர், டிசம்பர் என்றால் சென்னையில் பல்கலைக்கழகத்தைவிட வங்கக் கடலுக்குத்தான் தேர்வு அதிகாரம் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தேர்வுகள் தள்ளிப்போனதை அன்றைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலர் அதைத் தங்கள் பிரார்த்தனையின் பலன் என்று இன்றும் நம்புகிறார்கள்.

இப்படியாக, அக்காவின் மேற்பார்வையில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அனுப்பப்பட்ட மெசேஜ் இது:

“வணக்கம் அண்ணா. நேத்து சாயங்காலம் வேலை கேட்டு வந்து ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டின பி.காம். பையன். நவம்பர் 10 வரைக்கும் தினமும் 4 மணிக்கு வந்து 9 மணி வரைக்கும் இருப்பேன். 12, 14, 25 காலையில எக்ஸாம், அந்த மூணு நாளும் 3 மணிக்கே வந்து கடை மூடுற வரைக்கும் இருக்கேன். 18, 21 மதிய எக்ஸாம், 6 மணிக்கு வர்றேன். முந்தின நாள், அதாவது 11, 13, 17, 20, 24 சாயங்காலம் வர முடியாது, அதுக்குப் பதிலா காலையில 9லிருந்து 1 வரைக்கும் வர்றேன். டிசம்பர் 3 மதியமும் ஒரு எக்ஸாம் இருக்கு, அதுக்கும் இதே கணக்கு. மத்த நாளெல்லாம் வழக்கம்போல. தேதி மாறினா அன்னைக்கே சொல்லிடுறேன்.”

சம்பளம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டான். இது இந்த இனத்தின் பொதுக் குணம். லீவைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவான், கூலியைப் பற்றி அரை வரி எழுதக் கூச்சப்படுவான்.

நீல டிக் இரண்டும் ஒன்பது ஐந்துக்கே வந்துவிட்டன. பதில் வரவில்லை. மதியம் வரை வீட்டில் யாரும் அவனிடம் பேச முடியவில்லை. “பார்த்துட்டார், ஆனா பேசல” என்று அவன் புலம்பியதை, ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்து அம்மா தனியாகக் கவலைப்பட்டாள். திரும்ப ஒரு தடவை ஞாபகப்படுத்தலாமா என்று கை துறுதுறுத்தது. அக்கா போனைப் பிடுங்கி வைத்தாள். செவ்வாய் வரை பொறு, அப்புறம் ஒரே ஒரு வரி அனுப்பு என்றாள்.

செவ்வாய் வரை போகவில்லை. சாயங்காலம் கடைக்காரரின் குரலே வந்தது. பின்னணியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, மெசேஜ் பார்த்தேன். தெளிவா இருக்கு. ஆனா முந்தின நாள் சாயங்காலம்தான்ப்பா எனக்கு ஆளே வேணும். முழுசா வேணாம், நாலுலருந்து ஆறு வரைக்கும் நில்லு, அப்புறம் நானே வீட்டுக்குத் துரத்துறேன். நீ படிக்க வேண்டிய நோட்ஸ் எல்லாம் எப்படியும் உன் கை வழியாத்தானே போகப்போவுது. அப்புறம், அரியர்னா அரியர்னு சொல்லு, எக்ஸாம்னு இழுக்காத. மூணாம் தேதி புள்ளியியல்தானே, என் கடைக்கு வர்றதுல பாதிப் பேருக்கு அன்னைக்கு அதான். இன்னொண்ணு, நீ சொன்ன தேதி பழசு. இருபத்தஞ்சாம் தேதி பேப்பரை நேத்தே இருபத்தாறுக்கு மாத்திட்டாங்க, புது டைம் டேபிளைக் கடை செவுத்துல ஒட்டியிருக்கேன். நாளைக்கு நாலு மணிக்கு வந்து பாத்துக்க. வரும்போது ஆதார் காப்பி ஒண்ணு கொண்டு வா. இல்ல வேணாம், இங்கயே எடுத்துக்கலாம். ரெண்டு ரூபா.”