மண்டியிட வராது

காதலைச் சொல்லப்போகிறேன் என்று வாய்விட்டதும் நண்பர்கள் ஆளாளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் மெழுகுவத்தியால் இதயம் வரையச் சொன்னான் ஒருவன். சாயங்காலக் கடல் காற்றில் தீக்குச்சியே நிற்காது. அவன் மென்பொருள்காரன், வெளியே போய்ப் பழக்கமில்லை. இன்னொருவன் கேக்குக்குள் மோதிரத்தைப் புதைக்கச் சொன்னான். வருகிறவர் பசியோடு வந்துவிட்டால் அடுத்து எக்ஸ்ரேதான். மூன்றாமவன் மாலில், ஜனங்கள் நடுவே, மைக் பிடித்து மண்டியிடச் சொன்னான்.

எனக்கு இடித்த இடம் அதுதான். சுற்றி நிற்பவர்கள் கைதட்டி, செல்போனையும் தூக்கிப் பிடித்திருந்தால் ஒரு பெண் எப்படி “வேண்டாம்” என்பார்? அவசர வழி இல்லாத மண்டபத்துக்கே அனுமதி கிடையாது.

நான் சைட் இன்ஜினீயர். என் மனதில் இருந்தவர் அதே சைட்டில் குவாலிட்டி இன்ஜினீயர். வேலைத்தலத்துக்கு எதிரே டீக்கடையில், டைரியில் எழுதிவைத்ததை நிமிராமல் படித்தேன்:

“மேடம், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. உங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன். சங்கடமானதை முதல்ல சொல்லிடறேன். ஸ்லாப் போடற அன்னிக்கு வீடு திரும்ப ராத்திரி ரெண்டு மணி ஆகும். வீட்டுக் கடன் இன்னும் 11 வருஷம் இருக்கு. அம்மா என்னோடதான் இருப்பாங்க, சீரியலைச் சத்தமாத்தான் வைப்பாங்க. எனக்கு ரசம் வரும், சாம்பார் வராது. உங்களை ஏன் பிடிச்சுதுன்னா, தண்ணி கலந்து வந்த கான்கிரீட் லாரியை, மேனேஜர் அந்தக் கத்து கத்தியும் நீங்க திருப்பி அனுப்பினீங்க. குரலைக்கூட உயர்த்தலை. கூம்பைத் தூக்கினதும் கலவை கூழா சரிஞ்சதைக் கையால காட்டினீங்க, அவ்வளவுதான். வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க. நாளைக்கும் ரிப்போர்ட் வழக்கம்போல வாங்கிக்கறேன்.”

டைரியை மூடினேன். அவர் டீயில் படிந்த ஆடையை ஒதுக்கியபடி, “கடன் யார் பேர்ல?” என்றார். என் பேரில்தான் என்றேன். “28 நாள் டைம் கொடுங்க.”

கட்டட வேலை தெரியாதவர்களுக்காக: ஊற்றுகிற கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மெஷினில் நசுக்கிப் பார்ப்போம். ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருக்கும். தீர்ப்பு 28ஆம் நாளில்தான்.

“ஏழாம் நாள் ரிசல்ட் மட்டுமாவது கிடைக்குமா மேடம்?”

“கிடைக்கும். அதை வெச்சு மண்டபம் புக் பண்ணக் கூடாது.”

28ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் போய்விட்டது. லேப் லீவு. திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்த ரிப்போர்ட் கட்டில், கடைசித் தாளில், அவர் கையெழுத்தில் ‘பாஸ்’ என்று இருந்தது.