ஊரை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: என் ஜிமெயிலில் யாரோ புதிதாக நுழைந்ததாக எச்சரிக்கை வந்தது. ‘விண்டோஸ், ஹைதராபாத், மதியம் 12.40’ என்று இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். இது நிஜமா, மோசடியா? (வாசகி, சித்தூர்)

பதில்: படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதிலுள்ள பட்டனை அழுத்தினால் எங்கே போகும் என்பது படத்தில் தெரியாதே! அந்த மெயிலில் எதையும் தொடாதீர்கள். myaccount.google.com என்று நீங்களே டைப் செய்து, Security பகுதியில் Your devices பாருங்கள். அதே விண்டோஸ் அங்கேயும் இருந்தால் நுழைவு நிஜம்.

கேள்வி: பார்த்தேன், இருக்கிறது. ஆனால் நான் ஹைதராபாத் பக்கமே போனதில்லையே? (அதே வாசகி)

பதில்: ஊரை நம்பாதீர்கள். இணைய முகவரியை வைத்து கூகுள் ஊரை ஊகிக்கிறது. இணைய நிறுவனத்தின் இணைப்பு பெருநகரம் வழியாகப் போனால் அந்த நகரத்தின் பெயர் விழும். அதே பட்டியலில் உங்கள் போனைத் தொட்டுப் பாருங்கள். சித்தூரில் இருக்கும் அதற்கே வேறு ஊர் காட்டலாம். துப்பு கொடுப்பவை கருவியும் நேரமும்தான். அன்று மதியம் 12.40-க்கு எங்கே இருந்தீர்கள்?

கேள்வி: திருப்பதியில்! நெட் சென்டரில் மெயிலைத் திறந்து தரிசன டிக்கெட்டை பிரிண்ட் எடுத்தேன். அப்போ பயமில்லையே? (அதே வாசகி)

பதில்: ஆள் தெரிந்துவிட்டது, ஆபத்து போகவில்லை. நீங்கள் எழுந்து வந்த பிறகும் உங்கள் மெயில் அங்கே திறந்தே கிடக்கலாம். பட்டியலில் அந்த விண்டோஸைத் தொட்டு Sign out கொடுங்கள். பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கலாம் என்பதால் அதையும் மாற்றுங்கள். அடுத்த முறை டிக்கெட் ஃபைலை மட்டும் கடைக்குக் கொடுங்கள். மெயிலை அங்கே திறக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கும் இப்படி ஒன்று வந்தது. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா? (வாசகர், திருப்பதி)

பதில்: போதாது. முதலில் அந்தக் கருவியை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். மீட்பு மொபைல் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். திருடன் தன் எண்ணைப் போட்டிருந்தால் புதுப் பாஸ்வேர்டையும் அவனால் மாற்ற முடியும்.

பலர் கோட்டை விடுவது அடுத்ததை. வங்கி மெயில்கள் தனக்கு வரும்படியோ உங்கள் கண்ணில் படாமல் அழியும்படியோ அவன் ஒரு விதி எழுதி வைத்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது. ஜிமெயில் செயலியில் அது தெரியாது. நம்பகமான கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து Filters and Blocked Addresses, Forwarding and POP/IMAP இரண்டையும் பாருங்கள். நீங்கள் எழுதாத விதி இருந்தால் நீக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.