கரும்புச்சாற்றுக் கடைக்குப் படம் பார்த்துப் பலன் சொல்லும் முறை

சாலையோரக் கரும்புச்சாற்றுக் கடையைப் படத்தில் பார்த்து மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது கரும்பின் வெட்டுமுகம். பெரும்பாலோர் பார்ப்பது டம்ளரை. டம்ளரில் நுரை ததும்பினால் போதும், கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் காரிலிருந்து, மரக்காணம் உப்பளம் கண்ணில் பட்டதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வரும். கீழே, "இங்க குடிக்கலாமா சித்தப்பா?" என்று ஒரு வரி. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பதில் அடிப்பதற்குள் இரண்டாவது டம்ளரும் காலியாகியிருக்கும். எனவே மதிப்பீடு விரைவாக நடக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை வேண்டும். கரும்பு, ஐஸ், எந்திரம், மூடி வைத்திருக்கும் விதம் என்பது அந்த வரிசை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம். பின்னணியில் உப்புப் பாத்திகள், வெயிலில் கண் கூசும் உப்புக் குவியல்கள். முன்னால் ஒரு தள்ளுவண்டி. மேலே நான்கு கழிகளில் இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய். வண்டியில் மோட்டார் வைத்த எந்திரம், அதன் சக்கரத்தில் சலங்கை. இடப்பக்கம் சாய்த்து வைத்த ஒரு கட்டுக் கரும்பு, தரையில் சாக்கு சுற்றிய ஐஸ் பாளம், பின்னால் சக்கைக் குவியல். கடைக்காரர் படத்துக்காகச் சிரிக்கிறார். சிரிப்புக்கு மதிப்பெண் கிடையாது.

முதலில் கரும்பு. வெட்டிய கரும்பு பேசாமல் கிடப்பதாகத் தோன்றினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். தண்டிலுள்ள நொதிகள் சர்க்கரையை உடைக்கும். வெட்டுவாய் வழியாக நுழையும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று கொழகொழப்பான பொருளாக மாற்றும். இதனால்தான் வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும் என்று சர்க்கரை ஆலைகள் அவசரப்படுத்துகின்றன. சாற்றுக் கடைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. நிழலில், தோல் சீவாமல் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். உப்பளத்து மண்ணில் கரும்பு விளையாது என்றாலும் விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பேர்போனது. முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இந்தச் சாலையில் வதங்கிய கரும்பை வைத்திருப்பவருக்கு, தூரத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது என்ற சாக்குச் சொல்ல வழியில்லை.

படத்தைப் பெரிதாக்கினால் வெட்டுமுகம் தெரியும். வெளிர்மஞ்சளாகவோ லேசான பச்சை ஓடியோ ஈரமாக இருந்தால் புதியது. பழுப்பேறி நடுவில் குழிந்திருந்தால் பழையது. பிளந்த கரும்பின் உட்புறம் சிவந்து, அந்தச் சிவப்பில் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது செவ்வழுகல் நோய். அந்தத் தண்டை மோந்தால் புளித்த சாராய வாடை வரும். படத்தில் வாடை வராது என்பதால் திட்டுகளைத்தான் நம்ப வேண்டும். இங்கே இரண்டு பேர் அநியாயமாகத் தண்டனை பெறுவது வழக்கம். ஒருவர், வெயில் பட்ட தோல் இளஞ்சிவப்பாகிவிட்ட நல்ல கரும்பு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, தமிழ்நாட்டு வயல்களை ஆண்ட கோ 86032 ரகத்துக்கு அந்த நிறம் இயல்பு. தோல் சிவந்தால் கேடில்லை, உள்ளே சிவந்தால்தான் கேடு. இன்னொருவர், கணுவை ஒட்டி வெள்ளையாகச் சாம்பல் பூசியது போன்ற தோல் உடைய கரும்பு. அது தூசி அல்ல, கரும்பு தானே பூசிக்கொள்ளும் மெழுகு. கை படப்படத் தேய்ந்து போகும். அது இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் கரும்பு அதிகக் கை மாறவில்லை. பளபளவென்று தோல் சீவி அடுக்கிய கரும்பைத்தான் சித்தப்பாக்கள் பாராட்டுகிறார்கள். சீவிய கரும்பு சீக்கிரம் கறுக்கும், ஈக்கு வசதியாகவும் இருக்கும். ஒவ்வொரு கரும்பாக அப்போதைக்கப்போது சீவுகிற கடைதான் மேல்.

கரும்பைப் பற்றிச் சாட்சி சொல்ல இன்னொன்று உண்டு. பின்னால் கிடக்கும் சக்கைக் குவியல் கடையின் கணக்குப் புத்தகம். மேலே கிடக்கும் சக்கை வெளுப்பாக, ஈரமாக இருந்தால் வியாபாரம் ஓடுகிறது, கரும்பு தேங்கவில்லை. முழுவதும் காய்ந்து பழுப்பாக இருந்தால் காலையிலிருந்து ஆள் வரவில்லை. எடுத்துக்காட்டுப் படத்தில் சக்கை வெளுப்பு. கரும்பின் நுனியில் தோகை பச்சை. வெட்டுமுகத்தில் பழுப்பு இல்லை. கரும்புக்குத் தேர்ச்சி.

அடுத்தது ஐஸ், இதில்தான் படம் அதிகம் ஏமாற்றும். கடலோரத்தில் ஐஸ் ஆலை என்பது முதலில் மீனுக்காக. ஐஸ் பாளம் படகுக்கும் போகும், மீன் பெட்டிக்கும் போகும், வழியில் சாற்று வண்டிக்கும் போகலாம். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்பது வெறும் ஆசை. பெரும்பாலான கிருமிகள் உறைந்து தூங்கி, டம்ளரில் எழுந்திருக்கும். பொருள்களைக் குளிர்விக்க மட்டும் உள்ள ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. நீலமாக இருந்தால் மீனுக்கு, வெள்ளையாக இருந்தால் மனிதருக்கு என்பது ஏற்பாடு. காகிதத்தில் அழகான ஏற்பாடு. நிறம் கலக்காமல் விட்ட மீன் ஐஸும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே நீலம் கண்டால் விலகலாம். வெள்ளை கண்டு நெருங்க முடியாது.

நீலம் கண்டாலும் உடனே முடிவு கட்டக்கூடாது. எடுத்துக்காட்டுப் படத்தில் ஐஸ் பாளம் நன்றாகவே நீலமாகத் தெரிகிறது. அதற்கு மேலே இருப்பது நீலத் தார்ப்பாய். அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் நீலம் அடித்துவிடும். தீர்ப்புச் சொல்ல, அதே நிழலில் வெள்ளையென்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். வெயிலில் கிடக்கும் உப்புக் குவியல் இதற்கு உதவாது, அது தார்ப்பாய்க்கு வெளியே இருக்கிறது. கடைக்காரரின் வேட்டி உதவும். வேட்டியும் நீலமாகத் தெரிந்தால் ஐஸை மன்னித்துவிடலாம். எடுத்துக்காட்டுப் படத்தில் வேட்டியும் நீலம்தான். இதே கணக்கில், பச்சைத் தார்ப்பாயின் கீழ் எடுத்த படத்தில் சாற்றின் நிறத்தை நம்பவே கூடாது. கரும்புச்சாறு காற்றுப் பட்டால் நொதிகளின் வேலையால் கறுக்கத் தொடங்கும். எலுமிச்சை பிழிந்தால் அது தள்ளிப்போகும். பச்சைத் தார்ப்பாய் இருந்தால் எலுமிச்சையும் வேண்டாம், படத்தில் சாறு இளமையாகவே இருக்கும்.

பாளத்தின் நடுவில் வெள்ளைத் தண்டு போலத் தெரிவது அழுக்கு அல்ல. தகரப் பெட்டியில் தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும்போது காற்றும் கரைந்த உப்பும் நடுவுக்குத் தள்ளப்படுகின்றன. பார்க்க வேண்டியது பாளம் எதைத் தொடுகிறது என்பதை. தெர்மாகோல் பெட்டிக்குள் என்றால் நல்லது. சாக்கு சுற்றித் தரையில் என்றால், உடைக்கும்போது சாக்கின் நாரும் தரையின் மணலும் சேர்ந்தே டம்ளருக்கு வரும். எடுத்துக்காட்டுப் படத்தின் பாளம் தரையில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு செருப்பும் இருக்கிறது. வேட்டி காப்பாற்றிய ஐஸைச் செருப்பு கவிழ்த்துவிட்டது.

எந்திரத்தில் துருவைப் பார்த்ததும் முகம் சுளிப்பது உள்நாட்டு வழக்கம். மரக்காணத்தில் உப்புக் காற்று இரும்பை இராத்திரியோடு இராத்திரியாகச் சிவக்க வைக்கும். புது சைக்கிளே அங்கே சீக்கிரம் கிழடாகும். எனவே சட்டத்திலும் சக்கரத்திலும் உள்ள துருவைக் கடைக்காரர் மேல் ஏற்றக்கூடாது. உருளைகளைத்தான் பார்க்க வேண்டும். கரும்பு உரசி ஓடும் நடுப்பகுதி மின்னுகிறதா, அந்த வரிப் பள்ளங்களில் பழைய நார் அடைந்திருக்கிறதா, உருளையின் ஓரத்தில் கறுப்பு வளையம் இருக்கிறதா என்பவை மூன்று கேள்விகள். கறுப்பு வளையம் பல்சக்கரத்து கிரீஸ். அது சாறு விழும் தட்டுப் பக்கம் ஒழுகியிருந்தால் அந்தச் சாற்றில் எந்திரத்துக்கும் பங்கு உண்டு. நாரில் தங்கிய சாறு சில மணி நேரத்தில் புளித்து, அடுத்து வரும் டம்ளர்களுக்கெல்லாம் உறை ஊற்றும். நல்ல கடைக்காரர் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஒரு குடம் தண்ணீரை உருளை மேல் ஊற்றி ஓடவிடுவார். வண்டியின் அடியில் தரை நனைந்திருந்தால் அதற்கு அடையாளம். சலங்கை சுத்தத்துக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் காரை நிறுத்தச் சொல்கிறார்கள்.

மூடி வைப்பதில் இந்தக் கடற்கரைக்கு ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான கிருமிகள் நெருங்காத, நூறாண்டு வைத்தாலும் கெடாத உப்பை, மழைக்குப் பயந்து ஓலை போட்டு மூடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கெடும் கரும்பு பக்கத்தில் திறந்தே கிடக்கும். மூடாத கரும்பில் மணலும் வாகனப் புகையும் படியும். குப்பத்தில் கருவாடு காயும் இடத்திலிருந்து ஈ வரும். தேனீ வந்தால் கவலை குறைவு, அது பூவை விட்டு வந்திருக்கிறது. ஈ எதை விட்டு வந்தது என்று கேட்காமலிருப்பது நல்லது. 2005இல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில், இதே போல ஒரு கடலோர நெடுஞ்சாலையில் கரும்புச்சாறு குடித்தவர்களுக்குச் சாகஸ் நோய் வந்து சிலர் இறந்தார்கள். நோய்க்கிருமியைச் சுமந்த பூச்சி கரும்போடு அரைபட்டதுதான் காரணம் என்று கருதப்பட்டது. அந்த நோய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது, மரக்காணத்தில் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கரும்பில் உட்கார்ந்திருப்பது எதுவானாலும் எந்திரம் பாகுபாடில்லாமல் பிழியும் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். கரும்பின் மேல் ஈரச் சாக்கு, எந்திரத்தைச் சுற்றிக் கண்ணாடி அல்லது வலை, வடிகட்டியின் மேல் ஒரு மூடி ஆகியவை இருந்தால் முழு மதிப்பெண். முன்கூட்டியே பிழிந்த சாறு ஜக்கில் நிறைந்து நின்றால் மற்ற எல்லா மதிப்பெண்ணும் ரத்து.

கழுவும் வாளித் தண்ணீரின் வயது, கடைக்காரர் சில்லறை வாங்கிய கையாலேயே இஞ்சியைச் செருகுகிறாரா, ஐஸ் எந்த ஆலையிலிருந்து வந்தது ஆகியவை படத்தில் வராது. ஆகவே படம் பார்த்து ஒரு கடையை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம். குடிக்கலாம் என்று சொல்வதில் எப்போதும் கொஞ்சம் துணிச்சல் கலந்திருக்கும்.

எடுத்துக்காட்டுக் கடையில் கரும்பு நல்லது. உருளை மின்னுகிறது, தரை நனைந்திருக்கிறது. கரும்புக்கு மூடி இல்லை, ஆனால் ஜக் காலி. ஐஸ் செருப்புக்குப் பக்கத்தில். சித்தப்பா அனுப்ப வேண்டிய பதில்: "குடிங்க. வெளியே இருக்கிற கரும்பைக் கழுவி, கண்ணெதிரே பிழியச் சொல்லுங்க. ஐஸ் வேண்டாம்." ஐஸ் இல்லாத டம்ளரில் சாறு கூடுதலாகப் பிடிக்கும். அதற்காகக் கடைக்காரர் ஐந்து பத்து கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.