ஒற்றைப்படை மணியின் அருமை
மலேசியாவின் பிரேசர் மலைக்கு 'கேப்' சந்தியிலிருந்து ஏறும் 8 கிலோமீட்டர் பழைய சாலை, எதிரெதிரே வரும் கார்கள் ஒதுங்க இடமின்றிக் குறுகியதாதலால், நெடுங்காலம் ஒற்றைப்படை மணிகளில் ஏறுவோருக்கும் இரட்டைப்படை மணிகளில் இறங்குவோருக்கும் முறைவைத்துத் திறக்கப்பட்டது. வாயிற்கதவு ஒவ்வொரு மணியிலும் முதல் 40 நிமிடமே திறந்திருந்தது. எஞ்சிய 20, கடைசிக் கார் சாலையைக் கடந்து முடிப்பதற்கென விடப்பட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு 9:41க்கு மலைக்கதவின் முன் வந்து நின்றவருக்கு, 11 மணி வரை 79 நிமிடம் காட்டை ரசிக்கும் பேறு கட்டணமின்றி வாய்த்தது. இவ்வொழுங்கைச் சுங்கை பீசி நெடுஞ்சாலைக்கும் நீட்டித்து, ஒற்றைப்படை மணியில் கோலாலம்பூருக்குச் செல்லவும் இரட்டைப்படையில் வீடு திரும்பவும் ஆணையிடுவதே அறிவுடைமை. காலை 8 மணிக்கு அங்கே எவரும் நகர்வதில்லையாதலால் எதிர்ப்பும் எழாது. மலைக்கதவு திறக்கும் நேரமாவது முன்கூட்டியே தெரிந்திருந்தது.